ட்ரை போட்ட பிறகும் பயிற்றுநர் ஏன் தலையில் கை வைத்தார்?

செங்காங் அப்பா
மகன் உயர்நிலை இரண்டில் ரக்பி ஆடுகிறான், பதினைந்து பேர் ஆட்டம். இரு அணிக்கும் தலா இரண்டு ட்ரை. ஆனாலும் 14–12 என்று தோற்றோம். எங்கள் இரண்டாவது ட்ரை மகனுடையது. ஓரமாகவே ஓடி, கோட்டைத் தாண்டியதும் மூலையிலேயே பந்தைத் தரையில் அழுத்தினான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. நான் கத்திக் கொண்டாட, பயிற்றுநர் “நடுவுக்குப் போடா!” என்று தலையில் கை வைத்தார். அந்த முகம் இன்னும் உறுத்துகிறது. ஐந்து புள்ளி வந்தாச்சே, இன்னும் என்ன?

பழைய நடுவர்
அடுத்த உதைக்கு 2 புள்ளி. பந்தை அழுத்திய இடத்துக்கு நேராகத்தான் கன்வெர்ஷன் உதைக்க முடியும். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் பின்னால் போகலாம், பக்கவாட்டில் நகரக் கூடாது. கம்பங்களுக்கு நடுவே 5.6 மீட்டர், மூலையிலிருந்து பார்த்தால் அது பாதி சாத்திய கதவு. பின்னால் போனால் கோணம் கொஞ்சம் திறக்கும், ஆனால் தூரம் கூடிவிடும். நடுவில் அழுத்தியிருந்தால் நேர் உதை, 14–14. அவர்களுக்கு இரண்டும் உள்ளே போயிருக்கிறது, உங்களுக்கு ஒன்றுதான்.

காலாங் ரசிகன்
தேசிய விளையாட்டரங்கில் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் பார்த்திருக்கிறேன். கன்வெர்ஷனுக்குப் பந்தைக் கையிலிருந்து விட்டு, தரையில் பட்டு எழும்பும்போதுதான் உதைக்க வேண்டும். பையன்களுக்கு அது கஷ்டம்தானே.

பழைய நடுவர்
அது செவன்ஸில் தம்பி. பதினைந்து பேர் ஆட்டத்தில் தாங்கியில் வைத்தே உதைக்கலாம். ஆனால் உதைப்பவர் ஓடத் தொடங்கியதும் எதிரணி கோல் கோட்டிலிருந்து பாய்ந்து வந்து மறிக்கலாம். பெனால்டி உதையில் அப்படி ஓடி வரக் கூடாது.

மீனா
நடுவுக்கு ஓடுவது எப்போதும் சரியில்லை. என் தம்பி மகன் கோட்டைத் தாண்டியபின் நடுவை நோக்கி வளைந்து ஓடினான். பின்னாலிருந்து ஒருவன் கையைத் தட்ட, பந்து முன்னால் நழுவிவிட்டது. ஐந்தும் போச்சு. ஆள் நெருங்கினால் உடனே அழுத்துவதுதான் புத்தி.

டச் ரக்பி அம்மா
எங்கள் பெண்கள் ஆடுவதில் உதையே கிடையாது, ஒரு ட்ரைக்கு ஒரு புள்ளி. இந்தத் தலைவலி இல்லை.

பழைய நடுவர்
மீனா சொல்வது நியாயம், ஆனால் இவர் மகன் பக்கத்தில் ஆள் இல்லையே. அப்புறம் ஒன்று: 2 புள்ளி பின்தங்கினால் ட்ரைதான் வேண்டும் என்றில்லை. எதிரணி தவறு செய்து பெனால்டி கிடைத்தால் கோலுக்கு உதைக்கலாம், அதற்கு 3. ஆட்டத்தின் நடுவிலேயே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கும் 3. 2003 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் 17–17 என்றிருந்தபோது, கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகளில் ஜானி வில்கின்சன் வலக்காலால் அதைத்தான் செய்தார். அவருக்கு வாகான கால் இடது. இங்கிலாந்து 20–17. உங்கள் அணிக்குக் கடைசியில் பெனால்டி ஏதும் கிடைத்ததா?

செங்காங் அப்பா
கிடைத்தது அண்ணே, கம்பத்துக்குக் கிட்டத்தட்ட நேராக. தலைவன் கோலுக்கு உதைக்காமல் மூலைப் பக்கம் வெளியே அடித்தான். பந்தை மறுபடி உள்ளே எறியும் அந்த லைன்அவுட்டில் அதை இழந்தோம். உதைக்கும் பையன் அதற்கு முன் தவறவிட்டதால் நம்பிக்கை இல்லையோ என்னவோ.

மீனா
நேராக இருந்தும் விட்டார்களா? மூலையில் தவறியதை வைத்து அந்தப் பையனை எடை போட்டிருக்கக் கூடாது.