வாராந்த ரூட் பிளானில் போன் கோலுக்கும் ரிப்போட்டுக்கும் நேரம் விழவே இல்லை, மட்டக்களப்புப் பக்கம் வேலை செய்யும் ரெப்மார் பார்த்துச் சொல்லுங்கள்

கல்லடி ரெப்:
பிஸ்கட், நூடில்ஸ் லைன். ஏரியா மட்டக்களப்பு டவுனிலிருந்து கல்லாறு வரை, அதோடு படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம். மொத்தம் 164 கடை, எல்லாவற்றையும் வாரம் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றுதான் பழைய பிளான் இருக்கிறது. திங்கள் டவுன், செவ்வாய் ஆரையம்பதி முதல் குருக்கள்மடம் வரை, புதன் களுவாஞ்சிக்குடி, கல்லாறு, வியாழன் படுவான்கரை, வெள்ளி காத்தான்குடி, சனி விடுபட்ட கடைகள். காலை எட்டரைக்கு இறங்கினால் ஆறு மணிக்கும் முடிவதில்லை, அதற்குப் பிறகுதான் கலெக்ஷன் கணக்கு, ரிட்டர்ன், ரிப்போட் எல்லாம். காசுக்குக் கோல் எடுக்க வேண்டிய கடைகளுக்கு இரவு எட்டு மணிக்கு எடுத்தால் யார்தான் நல்ல முகத்தோடு பேசுவார்கள்? புதுப் பிளான் ஒன்று கொடு என்று மெனேஜர் கேட்கிறார். எங்கே வெட்டுவது என்று தெரியவில்லை.

ஓடர் மெஷின்:
படுவான்கரையை போனுக்கு மாற்று தம்பி, வேலை முடிந்தது. ஒரு நாள் முழுக்கப் போய் வருகிற பெற்றோல் காசுக்கும் அங்கே வருகிற ஓடருக்கும் கணக்குப் பார். நான் எங்கள் ஏரியாவில் தூரத்துக் கடை எல்லாவற்றுக்கும் வட்ஸ்அப்பில்தான் ஓடர் எடுக்கிறேன், லொறி போய்ப் போட்டுவிட்டு வருகிறது.

கல்முனை சுப்பவைசர்:
ஓடர் மெஷின் சொல்வது பாதி சரி. தெரிந்த சாமானைத் திரும்ப ஓடர் பண்ண போன் போதும். ஆனால் போனில் எக்ஸ்பயரி தெரியாது, தட்டில் யாருடைய பக்கற் முன்னுக்கு நிற்கிறது என்று தெரியாது, புதுச் சாமான் விற்க முடியாது. இரண்டு மாதம் ஓடர் நன்றாக வரும், மூன்றாம் மாதம் ரிட்டர்ன் பெட்டி பெட்டியாக வரும், அப்போதுதான் விளங்கும்.

கல்லடி ரெப் தம்பிக்கு வருகிறேன். உங்கள் பிளானில் கடை எண்ணிக்கை இருக்கிறது, நேரம் இல்லை. கடைசி இரண்டு மாத பில்லை எடுத்து வைத்து, எந்தக் கடை ஒவ்வொரு வாரமும் ஓடர் தந்திருக்கிறது, எந்தக் கடை ஒரு வாரம் தந்து மறு வாரம் “இருக்கு, அடுத்த முறை பார்ப்போம்” என்று அனுப்பியிருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள். கடையின் பருமனைப் பார்த்துப் பிரிக்க வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் இருக்கிற சின்னப் பெட்டிக்கடை வாரா வாரம் வாங்கும், பஜாரில் இருக்கிற பெரிய கடை மொத்தமாக எடுத்து இரண்டு வாரம் ஓட்டும். பிரித்துவிட்டு எண்ணிக்கையை இங்கே போடுங்கள்.

மெடிக்கல் ரெப் அம்பாறை:
எனக்கும் இதே பிரச்சினைதான். டொக்டர்மார் பகலில் ஆஸ்பத்திரியில், பின்னேரம் ஐந்துக்கு மேல் சனல் சென்ரரில், அக்கரைப்பற்றில் ஒருவரைப் பார்த்துவிட்டு கல்முனைக்கு வரும்போது மற்றவர் போய்விடுகிறார். காலையில் என்னதான் செய்வது?

கல்முனை சுப்பவைசர்:
உங்கள் கதை வேறு. உங்களுக்குப் பின்னேரம்தான் வேலை, அதனால் ரிப்போட்டும் பார்மசி விசிட்டும் காலையில் விழட்டும். இவருக்குப் பகல் முழுக்கக் கடை.

கல்லடி ரெப்:
பிரித்தேன் அண்ணா. வாரா வாரம் வாங்குவது 44. மற்ற 120 ஒன்றுவிட்டு ஒரு வாரம், சிலது அதற்கும் குறைவு.

கல்முனை சுப்பவைசர்:
சரி, இப்போது கணக்குப் பாருங்கள். வாரக் கடையில் ஓடர், காசு, தட்டு அடுக்குவது எல்லாம் சேர்த்து 18 நிமிடம் என்று வைப்போம், மற்றதில் 10. எல்லாவற்றையும் வாரா வாரம் பார்த்தால் கடைக்குள் மட்டும் 33 மணித்தியாலம் போகும். அந்த 120ஐ இரண்டாகப் பிரித்து இந்த வாரம் 60, அடுத்த வாரம் 60 என்று பார்த்தால் 23 மணித்தியாலம். வாரத்துக்குப் பத்து மணித்தியாலம் கையில் வருகிறது. கடைக்குக் கடை ஓடுகிற நேரமும் குறையும், அதை நான் சேர்க்கவில்லை. உங்கள் போன் கோலும் ரிப்போட்டும் இந்தப் பத்துக்குள்தான் இருக்க வேண்டும், இரவுக்குப் போகக்கூடாது.

அப்புறம் நாள். காத்தான்குடியை யார் வெள்ளிக்கிழமையில் வைத்தது? அங்கே பல கடை வெள்ளி பூட்டு, திறக்கிற கடையும் ஜும்ஆவுக்கு முன்னமே சாத்திவிடும், முதலாளி திரும்பி வந்து உட்கார மூன்று மணியாகும். உங்கள் சனிக்கிழமை “விடுபட்ட கடைகள்” எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள், பாதிக்கு மேல் காத்தான்குடியாகத்தான் இருக்கும். அதைச் செவ்வாய்க்கு மாற்றி, ஆரையம்பதி, புதுக்குடியிருப்பு, கிரான்குளம் லைனை வெள்ளிக்குத் தள்ளுங்கள்.

புதன் அன்று எட்டரைக்கு நேரே கல்லாறுக்குப் போய் அங்கே தொடங்கி மேலே ஏறி வாருங்கள். தூரத்தில் தொடங்கி ஏஜென்சிப் பக்கம் முடித்தால் ஐந்து மணிக்கு முன் காசையும் செக்கையும் கொடுத்துவிடலாம். கல்லாற்றில் முடித்தால் இரவு காசை வீட்டில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

படுவான்கரைக்குப் போன வழியாலேயே திரும்பி வருகிற ஆட்களை நிறையப் பார்க்கிறேன். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு அதற்கு அவசியமே இல்லை. பட்டிருப்புப் பாலத்தால் உள்ளே போய் வெல்லாவெளி, பழுகாமம், அம்பிளாந்துறை, கொக்கட்டிச்சோலை என்று பார்த்து மண்முனையால் ஆரையம்பதிக்கு ஏறுங்கள். ஒரு வட்டம். வாரக் கடை எல்லாம் ஒவ்வொரு வியாழனும், மற்றதில் ஒரு வாரம் வெல்லாவெளிப் பக்கம், மறு வாரம் கொக்கட்டிச்சோலைப் பக்கம். மாதத்தில் ஐந்தாவது வாரம் வந்தால் மாற்ற வேண்டாம், மாறி மாறி ஓடிக்கொண்டே இருக்கட்டும். முதலாம் திகதியோடு புதிதாகத் தொடங்கினால் சில கடை மூன்று வாரம் உங்களைக் காணாது.

படுவான்கரைக் கடை:
நான் ரெப் இல்லை, கொக்கட்டிச்சோலைப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். காலை ஏழு முதல் ஒன்பதரை வரை பாண், சீனி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று நிற்க நேரமில்லை, அந்த நேரம் பாக்கோடு வருகிற ரெப்பைப் பார்த்தாலே எரிச்சல் வரும். பகல் இரண்டு முதல் மூன்றரை வரைதான் ஆறுதலாக இருப்போம், போன் எடுப்பதென்றால் அப்போது எடுங்கள். இன்னொன்று, மார்கழியில் காசு கேட்டுக் கோலுக்கு மேல் கோல் எடுப்பதில் பிரயோசனம் இல்லை. இங்கே முக்கால்வாசிப் பேர் வயல்காரர், எங்களிடம் கொப்பியில் கடன் எழுதிவிட்டுப் போவார்கள், பெரும்போக வெட்டு முடிந்து மாசி, பங்குனியில்தான் காசு திரும்பும். மழைக்கு ரோட்டில் தண்ணி ஏறினால் லொறியும் வராது, பிறகு எந்த ஓடரைச் சொல்கிறீர்கள்?

ஓடர் மெஷின்:
அப்படியென்றால் மழைக்காலத்தில் போன்தானே சரி. நான் சொன்னதுதான்.

கல்முனை சுப்பவைசர்:
மழைக்காலத்துக்குச் சரி. வருடம் முழுக்க இல்லை.

கடைக்காரர் சொன்ன நேரம் முக்கியம், அதையே பிளானில் போடுங்கள்: இரண்டேகாலிலிருந்து மூன்று வரை பைக்கை நிழலில் விட்டுவிட்டுக் கோல். வெள்ளியன்று மட்டும் காத்தான்குடிக் கோல்களை மூன்றரைக்குப் பிறகு. ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் வேண்டாம், யாருக்கு எடுப்பது என்பதையும் பைக்கில் இருந்து யோசிக்கக்கூடாது. ஒரு கடையை விட்டு வெளியே வரும்போதே கோல் தேவையா என்று பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதுங்கள். என் கணக்கில் மூன்று வகைக்குத்தான் கோல் தேவை: நேற்றுப் போன டெலிவரியில் சாமான் குறைந்த கடை, நாளை மறுநாள் செக் வங்கிக்குப் போகிற கடை, நான் போனபோது முதலாளி இல்லாத கடை. செக்குக்கு முதல் நாள் எடுத்து என்ன பயன்? இரண்டு நாள் முன்னுக்குச் சொன்னால்தான் அவர் காசு போட்டு வைப்பார், திரும்பிய செக்கின் பின்னால் ஓடுகிற நேரம் மிச்சம்.

ரிப்போட்டில் நேரம் தின்பது ஓடர் இல்லை, அது போனிலேயே ஏறிவிடுகிறது. கலெக்ஷனும் ரிட்டர்னும்தான். பில் நம்பர், தொகை, காசா செக்கா என்பதைக் கடை வாசலிலேயே எழுதினால் பின்னேரம் கூட்டிப் பார்க்க இருபது நிமிடம் போதும். கூட்டினது கையில் இருக்கிற காசோடு ஒத்துவரவில்லை என்றால் அன்றைக்கே தேடிப் பிடிக்கலாம், சனிக்கிழமை தேடினால் ஆறு நாள் கடையும் மண்டைக்குள் கலந்திருக்கும். சனி ஒரு மணியோடு ரூட்டை நிறுத்தி, வாரக் கணக்கும் அடுத்த வாரக் கோல் லிஸ்டும் போடுங்கள். போயா வந்தால் அந்த நாளின் வாரக் கடைகளைச் சனி காலைக்கு எடுங்கள், மற்றதுக்கு அந்த ஒரு முறை போன். முழு வாரத்தையும் ஒரு நாள் தள்ளினால் லொறியோடு முட்டும்.

கல்லடி ரெப்:
மிச்சம் பெரிய உதவி அண்ணா. லொறி என்று சொன்னதும்தான் கேட்கத் தோன்றியது, ஏஜென்சி லொறி காத்தான்குடிக்குச் சனிக்கிழமைதான் போகிறது, பழைய பிளானுக்கு ஏற்ற மாதிரி. நான் செவ்வாய் ஓடர் எடுத்தால் சாமான் நான்கு நாள் கழித்துத்தான் போகும். இன்னொன்று, எங்களுக்குக் கிரெடிட் 21 நாள். நான் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போனால் காசு நாள் என் விசிட் நாளில் விழாதே?

கல்முனை சுப்பவைசர்:
லொறியை மாற்றாமல் பிளானைக் கொடுக்கவே வேண்டாம். காத்தான்குடிக்காரர் நான்கு நாள் இருக்கமாட்டார், அடுத்த நாள் வருகிற வேறு கம்பனிச் சாமானை எடுத்துவிடுவார். முதலில் ஏஜென்சி முதலாளியிடம் காத்தான்குடி லொறியைப் புதனுக்கும் ஆரையம்பதி லொறியைச் சனிக்கும் மாற்ற முடியுமா என்று கேளுங்கள், அதே லொறி, அதே ஓட்டம், நாள் மட்டும்தான். ஆம் என்ற பிறகு மெனேஜரிடம் போங்கள்.

21 நாளுக்கு என்னிடம் நல்ல வழி இல்லை. 14ஆம் நாள் கேட்டால் “இன்னும் ஒரு வாரம் இருக்கு” என்பார், 28இல் போனால் ஒரு வாரம் பிந்துகிறது. எங்கள் ஏஜென்சியில் சில கடைக்கு லொறிக்காரரிடமே காசு கொடுக்கச் சொல்லி வைத்திருக்கிறோம், ஆனால் அதற்கு நம்பிக்கையான ஆள் வேண்டும்.

படுவான்கரைக் கடை:
14ஆம் நாள் தருகிறவருக்கு பில்லில் கொஞ்சம் கழித்துக் கொடுத்தால் நான் தருவேன். வெட்டுக் காலத்தில் மட்டும்.

கல்லடி ரெப்:
கழிவு கொடுக்கிற அதிகாரம் எனக்கு இல்லை, அதையும் சேர்த்துக் கேட்கிறேன். இன்னும் ஒரு பயம், எங்கள் அப்பில் ஒரு நாள் பிளானில் இருக்கிற கடைக்குப் போகாவிட்டால் சிவப்பில் காட்டும், 60 கடையும் வாரா வாரம் சிவப்பாக நிற்கும்.

ஓடர் மெஷின்:
அது கொழும்பில் ரூட்டை இரண்டாகப் பிரித்து ஏற்றினால் சரியாகும். எங்களுக்குச் செய்து தந்தார்கள், ஆனால் ஒரு மாதம் இழுத்தார்கள். அதுவரை சிவப்புத்தான், மெனேஜரிடம் முன்னமே எழுத்தில் வாங்கி வை.