"அஸ் பெர் மை லாஸ்ட் மெயில்"னு போட்டேன், சண்டையாயிடுச்சு. எப்படி மாத்தி எழுதறது?

சிப்காட்_மெர்ச்சண்டைசர்
ராணிப்பேட்டைல ஒரு ஷூ எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேன். லேடீஸ் ஷூ ஆர்டர், 2,400 ஜோடி. லைட் பீஜ் லைனிங் லெதர் கலர் ஸ்வாட்ச்ச பையிங் ஆபீசுக்கு 4ஆம் தேதி கூரியர்ல அனுப்பினோம். அவங்க ஓகே சொன்னாதான் கட்டிங், அது 12ஆம் தேதிக்கு பிளான். அது தவறினா கட்டிங் 15தான், சரக்கு ஃபேக்டரிய விட்டு கிளம்பற எக்ஸ் ஃபேக்டரி தேதியும் 28ல இருந்து 31க்கு போயிடும். 7, 9 ரெண்டு நாளும் மெயில் போட்டேன், பதிலே இல்ல. 10ஆம் தேதி காலைல கடுப்புல "அஸ் பெர் மை லாஸ்ட் டூ மெயில்ஸ், அப்ரூவல் ஸ்டில் பெண்டிங் ஃப்ரம் யுவர் எண்ட், வி ஆர் நாட் ரெஸ்பான்சிபிள் ஃபார் எனி டிலே"ன்னு எழுதி அவங்க மேனேஜரையும் சிசில போட்டுட்டேன். பத்தே நிமிஷத்துல பதில் வந்துச்சு, பாக்கெட்ல ரெண்டு பீஸ் இருக்கு, டேக் இல்ல, எது எந்த ஆர்டர்னு உங்க சாம்பிளிங் ஆளுக்கிட்ட அன்னிக்கே போன்ல கேட்டோமேன்னு. எங்க சார் மெயிலை சாஃப்டா எழுதுன்றாரு. ஆனா சாஃப்டா எழுதிட்டு நாளைக்கு லேட் ஆனா, நீங்க சொல்லவே இல்லயேன்னு ஏர் ஃபிரைட் செலவ எங்க தலைல கட்டுவாங்களே, அதான் பயமா இருக்கு.

வாலாஜாக்காரன்
இதுல இன்னா கஷ்டம். "ஜென்டில் ரிமைண்டர்"னு ஆரம்பிச்சு நடுவுல கைண்ட்லி, ப்ளீஸ் போட்டு "டூ த நீட்ஃபுல்"னு முடிச்சிடு. நான் பத்து வருஷமா இப்படித்தான் போட்டுகினு இருக்கேன், யாரும் கோச்சிகினது இல்ல.

ஆம்பூர்_அண்ணன்
வாலாஜா தம்பி, மரியாதையா எழுதணும்ன்றது சரி. ஆனா மூணாவது மெயில்லயும் ஜென்டில் ரிமைண்டர்னு வந்தா படிக்கிறவனுக்கு அதுவும் குத்தலாத்தான் தெரியும். "நீட்ஃபுல்"னா எதைன்னு அவன் கேப்பான்.

மெர்ச்சண்டைசர் மா, உன் வாக்கியத்தை கொஞ்சம் பிரிச்சு பாரு. "லாஸ்ட் டூ மெயில்ஸ்"ன்ற, அதுல இருந்த தேதியும் ஐட்டமும் இந்த மெயில்ல இல்ல, அவங்க போய் தேடணும். "ஃப்ரம் யுவர் எண்ட்"ன்றது ஆளை காட்டுது, எந்த ஸ்வாட்ச்சுன்னு காட்டல. "நாட் ரெஸ்பான்சிபிள்"ன்ற, ஆனா லேட் ஆனா எத்தனை நாள் தள்ளும்னு ஒரு வார்த்தை இல்ல. குத்துற இடம் மூணும் தகவல் இருந்திருக்க வேண்டிய இடம். அங்க தகவலை வெச்சிட்டா குத்தல் தானா போயிடும், ரெக்கார்டும் முன்னைவிட கெட்டியாயிடும்.

அர்த்தம் இப்படி வரணும், இங்கிலீஷ்ல நீ போட்டுக்கோ:

"4ஆம் தேதி அனுப்பின லைனிங் ஸ்வாட்ச்சுக்கு அப்ரூவல் இன்னும் வரல. பாக்கெட்ல இருக்கற ரெண்டுல இந்த ஆர்டருக்கு உள்ளது லைட் பீஜ். நாங்க டேக் போடாம அனுப்பிட்டோம், போட்டோ இணைச்சிருக்கேன். 11ஆம் தேதி சாயங்காலம் 4 மணிக்குள்ள ஓகேவா ரிஜெக்டான்னு சொன்னா 12ல கட்டிங் போடுவோம். அதுக்கு மேல போனா கட்டிங் 15, எக்ஸ் ஃபேக்டரி 28ல இருந்து 31 ஆகும்."

"நீங்க அனுப்பல"ன்னு எழுதாம "அப்ரூவல் வரல"ன்னு எழுதினதை கவனி. டேக் விட்டது நம்ம தப்பு, அதை மறைக்காத, மறைச்சா மத்த வரியெல்லாம் நம்ப மாட்டாங்க. சப்ஜெக்ட் லைன்ல "அர்ஜென்ட்" வேணாம், ஆர்டர் நம்பர், லைனிங் ஸ்வாட்ச், 11ஆம் தேதிக்குள்னு போடு.

காட்பாடி_கணக்கு
எனக்கும் இதே பிரச்சனை அண்ணா. எங்க மேனேஜர் எந்த மெயிலுக்கும் "நோட்டட்"னு ஒரே வார்த்தைல பதில் போடறாரு, என் மேல கோவமா?

ஆம்பூர்_அண்ணன்
அது வேற விஷயம் தம்பி. எல்லாருக்கும் அப்படியே போடறார்னா அது அவர் பழக்கம், அதுல ஒண்ணும் தேடாத.

சிப்காட்_மெர்ச்சண்டைசர்
அண்ணா, நேத்து மதியம் அப்படியே அனுப்பினேன், ரெண்டரை மணி நேரத்துல பதில் வந்துச்சு. ரிஜெக்ட்தான், ஒரு ஷேட் டார்க்கா இருக்காம். டேனரில மறுபடி சாயம் போடச் சொல்லியாச்சு, அதனால 15கூட சந்தேகம். ஆனா எக்ஸ் ஃபேக்டரி 31ன்னா ஓகேவான்னு அவங்களே கேட்டு எழுதியிருக்காங்க. இனிமே சிசில அவங்க மேனேஜரை வெக்கறதா எடுக்கறதா?

வாலாஜாக்காரன்
வெச்சிக்கோ, அப்பதான் பதில் வரும்.

ஆம்பூர்_அண்ணன்
இதுல எனக்கே ரெண்டு மனசு. புதுசா சேர்க்கறதா இருந்தா ஏன்னு மெயில்லயே ஒரு வரி எழுதிடணும், தேதி மாறுது, உங்க ஒப்புதல் வேணும், அதனால சேர்த்திருக்கேன்னு. ஆனா ஏற்கனவே கடுப்புல சேர்த்துட்டவரை இப்ப சத்தமில்லாம எடுத்தா அதையும் தப்பா எடுத்துக்கறவங்க இருக்காங்க. இந்த ஆர்டர் முடியற வரைக்கும் நானா இருந்தா விட்டுடுவேன். வேற மாதிரி செஞ்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.