புது கிரைண்டர் உடைந்து வந்திருக்கிறது, மாற்றித் தர மறுக்கிறார்கள். புகார் எப்படி எழுதுவது? அவசரம்

சுமதி_திண்டுக்கல் | செவ்வாய், காலை 9.12

ஆன்லைனில் வாங்கிய கிரைண்டர் உடைந்து வந்துவிட்டது. கஸ்டமர் கேரில் சொன்னால் கம்பெனி சர்வீஸ் ஆள் வந்து பார்ப்பார் என்கிறார்கள். சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், உடைந்ததற்கெல்லாம் வாரன்டி கிடையாது என்கிறார்கள். விற்றவரிடம் கேட்டதற்கு "பார்சல் நல்ல நிலையில் டெலிவரி ஆகியுள்ளது" என்று ஒரே வரியில் பதில். எனக்குப் பணம் வேண்டாம், வேறு கிரைண்டர்தான் வேண்டும். ஆர்டர் எண், போன் நம்பர் எல்லாம் கீழே போட்டிருக்கிறேன். யாராவது புகார் எழுதித் தர முடியுமா?

*(ஆர்டர் எண்ணும் போன் எண்ணும் நீக்கப்பட்டன. பொது இடத்தில் போடாதீர்கள். மட்டுறுத்துநர்)*

கார்த்தி_மதுரை | 9.30

அன்பாக்சிங் வீடியோ இருக்கிறதா? பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை என்றால் ஒன்றும் செய்ய முடியாது. இப்போது சட்டமே அப்படித்தான்.

ரவி கோவை | 9.41

என்ன உடைந்தது என்று சொல்லவே இல்லையே அக்கா. பாடியா, டிரம்மா, கல்லா? டேபிள் டாப்பா, டில்டிங்கா? வெளிப் பெட்டி நசுங்கியிருந்ததா? ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா?

முத்துலட்சுமி | 9.48

எந்தத் தேதி டெலிவரி, எந்தத் தேதி பிரித்தீர்கள், ரிட்டர்ன் கேட்கும்போது என்ன காரணத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்த மூன்றும் தெரியாமல் யாரும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

ஞானசேகர் (மூத்த உறுப்பினர்) | 10.05

மாதம் ஒருமுறை இதே கேள்வி வருகிறது. தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கலாம். பத்து கிலோவுக்கு மேல் உள்ள கல் பொருளைக் கூரியரில் வரவழைத்தால் உடையத்தான் செய்யும். பக்கத்துக் கடையில் வாங்கியிருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது. வாங்கும் முன் யோசிக்க வேண்டும் அம்மா.

ஷாஹுல் | 10.20

எனக்குப் போன வருடம் மிக்ஸி ஜார் மூடி விரிசலோடு வந்தது. எபாக்ஸி பசை போட்டு ஒட்டிவிட்டேன், இன்றுவரை ஓடுகிறது. பாடி விரிசல் மட்டும் என்றால் நீங்களும் ஒட்டிப் பாருங்களேன், அலைச்சல் மிச்சம்.

ரவி கோவை | 10.26

ஒட்ட வேண்டாம், ஷாஹுல் பாய். ஒட்டினால் "வாங்கியவரே கை வைத்துவிட்டார்" என்று கேஸை அங்கேயே மூடிவிடுவார்கள்.

சுமதி_திண்டுக்கல் | 11.55

மன்னிக்கவும், பையனைப் பள்ளியில் விட்டு வர நேரமாகிவிட்டது. டேபிள் டாப், 2 லிட்டர். போன வியாழன் டெலிவரி. வீட்டில் விசேஷம், ஞாயிற்றுக்கிழமைதான் பிரித்தேன். வீடியோ இல்லை, போட்டோ மட்டும் ஏழெட்டு இருக்கிறது. வெளிப் பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே குழவிக் கல் ஒன்றின் விளிம்பில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெயர்ந்திருக்கிறது, டிரம்முக்குள் கல் துகள் கிடந்தது. டிரம்மின் உள்பக்கம் ஒரு பள்ளம். பாடியில் முன்பக்கம் விரிசல். ஓட்டவில்லை. ரிட்டர்ன் காரணம் "வேலை செய்யவில்லை" என்று போட்டேன். 3,499 ரூபாய்க்கு வாங்கினேன், இப்போது அதே மாடல் 4,250 காட்டுகிறது. அதனால்தான் பணம் வேண்டாம் என்கிறேன்.

ரவி கோவை | 12.15

பதினாறு வருடமாக கிரைண்டர் சர்வீஸ் செய்கிறேன். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் இது கீழே விழுந்த அடி இல்லை. கீழே போட்டிருந்தால் அட்டைப்பெட்டியின் மூலை முதலில் மடங்கியிருக்கும். குழவியைத் தனியாகத் தெர்மோகோலில் வைத்துக் கட்டாமல் டிரம்முக்குள்ளேயே விட்டு பேக் செய்திருக்கிறார்கள். வண்டி ஆடும்போதெல்லாம் கல் டிரம்மில் மோதியிருக்கிறது. டிரம்மின் பள்ளமும் கல்லின் பெயர்ந்த விளிம்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அதை ஒரே போட்டோவாக எடுங்கள்.

இன்னொன்று. பிளக்கைச் சொருகாமல் வெறும் டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். டிரம் விளிம்புக்கும் பாடிக்கும் உள்ள இடைவெளி ஒரு பக்கம் குறைந்து ஒரு பக்கம் கூடினால் நடுத்தண்டும் வளைந்திருக்கிறது. தயவுசெய்து மாவு போட்டு ஓட்டிப் பார்க்காதீர்கள். பெயர்ந்த கல்லில் அரைத்தால் மாவில் கல் துகள் வரும், ஈரம் பட்டால் "பயன்படுத்திய பொருள்" ஆகிவிடும்.

முத்துலட்சுமி | 12.40

ரவி சொல்வதுதான் உங்கள் புகாரின் உயிர். ஒரு விற்பனையாளரிடம் ரிட்டர்ன் பிரிவில் ஐந்து வருடம் இருந்தேன், உள்ளே என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

நீங்கள் "வேலை செய்யவில்லை" என்று போட்டதால் அது பழுது என்ற வரிசைக்குப் போய்விட்டது. அந்த வரிசையில் முதலில் சர்வீஸ் ஆள் வருவார். வந்து பார்த்து "உடைப்பு, வாரன்டியில் வராது" என்று எழுதிவிட்டுப் போவார். அவர் சொல்வது பொய்யில்லை, வாரன்டி என்பது தயாரிப்புக் குறைக்குத்தான். ஆனால் அந்தத் தாளைக் காட்டியே உங்கள் ரிட்டர்னை நிராகரித்துவிடுவார்கள். உங்கள் வழக்கு வாரன்டியே இல்லை, சேதமாகி வந்த பொருள். ஆகவே சர்வீஸ் வருகையை ரத்து செய்யச் சொல்லி, "சேதமடைந்து வந்தது" என்ற காரணத்தில் புதிதாகப் பதியுங்கள். பெரும்பாலும் ஏழு நாள்தான் கெடு, வியாழன் முடிகிறது. இன்றே செய்யுங்கள்.

"பார்சல் நல்ல நிலையில் டெலிவரி ஆனது" என்ற அவர்கள் பதிலை மறுக்காதீர்கள், அது உங்களுக்குத்தான் சாதகம். வெளிப் பெட்டி முழுசாக இருந்து உள்ளே உடைந்திருந்தால் பேக்கிங்தான் தவறு. அது கூரியர் பொறுப்பு இல்லை, அனுப்பியவர் பொறுப்பு.

கார்த்தி_மதுரை | 12.52

அப்படியானால் வீடியோ வேண்டாமா? எனக்கு வீடியோ இல்லை என்று சொல்லியே நிராகரித்தார்கள்.

முத்துலட்சுமி | 1.03

வீடியோ இருந்தால் பலம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது விற்பவர் போடும் நிபந்தனை, சட்டம் இல்லை. 2020 மின்வணிக விதிகளில் பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, வீடியோ என்ற பேச்சே இல்லை. வீடியோ இல்லாவிட்டால் போட்டோ கோர்வையாக இருக்க வேண்டும். கூரியர் லேபிள் தெரியும்படி வெளிப் பெட்டி, உள்ளே பொருள் இருந்த விதம், உடைப்பு, கடைசியாக கிரைண்டர் அடியில் உள்ள சீரியல் எண் ஸ்டிக்கர். இந்தப் பெட்டியில் வந்தது இந்தப் பொருள்தான் என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும். பெட்டி, தெர்மோகோல், பெயர்ந்த கல் துகள் எதையும் வீசாதீர்கள். எடுக்க வருபவர் சீரியல் எண்ணையும் பாகங்களையும் சரிபார்த்துத்தான் வாங்குவார்.

ஞானசேகர் | 1.20

இவ்வளவு பாடு படுவதற்குக் கடையில் வாங்கியிருக்கலாம் என்பதைத்தான் நான் சொன்னேன். கண்ணால் பார்த்து, ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்கலாம்.

ரவி கோவை | 1.31

கடைக்கும் லாரியில்தானே சார் வருகிறது. என் கடைக்கு வந்த சரக்கிலும் கல் உடைந்து வந்திருக்கிறது. அங்கே கடைக்காரர் கம்பெனியோடு மல்லுக்கட்டுவார், இங்கே வாங்கியவர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது.

ஞானசேகர் | 1.38

அதைத்தான் சொல்கிறேன். அந்தச் சுமையை ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்?

ஷாஹுல் | 1.45

எங்கள் ஊர்க் கடையில் இதே கிரைண்டர் 5,000 சொல்கிறார்கள் சார். 1,500 ரூபாய் வித்தியாசம் எங்களுக்குப் பெரிசு.

ஞானசேகர் | 1.52

மலிவு என்று வாங்கினால் மலிவாகத்தான் வரும்.

*(கடையா ஆன்லைனா என்பதற்குத் தனி இழை தொடங்குங்கள். மட்டுறுத்துநர்)*

முத்துலட்சுமி | 2.30

சுமதி, இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். விவரங்களை நிரப்பி, விற்றவருக்கும் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கும் ஒரே மின்னஞ்சலாக அனுப்புங்கள். அந்த அதிகாரியின் பெயரும் முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் இருக்கும். விற்றவர் பெயரை விளம்பரத்திலிருந்து எடுக்காதீர்கள், பில்லில் உள்ளபடி எழுதுங்கள்.

> பொருள்: ஆர்டர் எண் ______, சேதமடைந்து வந்த கிரைண்டருக்கு மாற்று கோருதல்
>
> ஐயா/அம்மா,
>
> மேற்கண்ட ஆர்டரில் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் (மாடல் ______, சீரியல் எண் ______) ரூ.3,499 செலுத்தி வாங்கினேன். பில் எண் ______. கூரியர் எண் ______ கொண்ட பார்சல் ______ தேதி, வியாழக்கிழமை வந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரித்தபோது குழவிக் கல்லின் விளிம்பு பெயர்ந்தும், டிரம்மின் உட்புறம் பள்ளம் விழுந்தும், பாடியின் முன்பக்கம் விரிசல் விட்டும் இருந்தன. குழவி தனியாகக் கட்டப்படாமல் டிரம்முக்குள் தளர்வாக இருந்தது. வெளிப் பெட்டியில் சேதம் இல்லை. ஆகவே இது பேக்கிங் குறையால் வந்த சேதம்.
>
> கிரைண்டரை இயக்கவில்லை. பெட்டியும் எல்லாப் பாகங்களும் பத்திரமாக உள்ளன. முதலில் "வேலை செய்யவில்லை" என்று தவறாகப் பதிந்துவிட்டேன். அதைச் "சேதமடைந்து வந்தது" என்று திருத்தி, சர்வீஸ் வருகையை ரத்து செய்யவும்.
>
> கூடுதல் தொகை இல்லாமல் அதே மாடலை மாற்றித் தர வேண்டும். இருப்பு இல்லை என்றால் அதை எழுத்தில் தெரிவிக்கவும். புகார் எண்ணை அனுப்பவும். போட்டோக்களும் பில்லும் இணைப்பில்.

கோபமாக எதுவும் சேர்க்காதீர்கள். படிப்பவர் ஒரு நாளில் நூறு புகார் பார்ப்பார், எண்களும் கேட்பதும் கண்ணில் பட்டால் போதும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது விதி. பதில் இல்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அவர்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பேசுவார்கள், உத்தரவு போட முடியாது. அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். உங்கள் ஊரிலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது.

கார்த்தி_மதுரை | 2.41

இருப்பு இல்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிவிட்டால்? 751 ரூபாய் வித்தியாசத்தைக் கேட்க முடியுமா?

முத்துலட்சுமி | 2.50

கேட்கலாம். கொடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அலுவலகத்தில் சிலருக்குக் கூப்பனாகக் கொடுத்தோம், சிலருக்கு மறுத்தோம்.

சுமதி_திண்டுக்கல் | வியாழன், இரவு 8.17

பள்ளமும் கல்லும் அப்படியே பொருந்தின, ரவி அண்ணா. செவ்வாய் மாலையே மெயில் போட்டேன். நேற்று புகார் எண் வந்தது, இன்று மாற்றித் தருகிறோம் என்று மெசேஜ். சனிக்கிழமை பழையதை எடுத்துக்கொண்டு புதியதைத் தருவார்களாம். முத்துலட்சுமி அக்காவுக்கு ரொம்ப நன்றி.

ரவி கோவை | 8.40

சந்தோஷம். கொண்டு வருபவர் நிற்கும்போதே பிரித்துக் குழவி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மறுபடியும் டிரம்முக்குள் கிடந்தால் பழையதைக் கொடுக்காதீர்கள்.

கார்த்தி_மதுரை | ஞாயிறு, காலை 10.02

சனிக்கிழமை வந்ததா? நல்ல நிலையில் இருந்ததா?

ஷாஹுல் | திங்கள், காலை 7.35

எனக்கும் தெரிய வேண்டும். அதே மாடலைத்தான் வாங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.