புதுப்பிப்பு: பம்ப் கூட்டியும் சர்க்கரை இறங்காதது ஏன்?

முன்பு கேட்டது: "சர்க்கரை 280-லேயே நிற்கிறது. பம்ப் தானாக இன்சுலினைக் கூட்டுகிறது, அலாரமும் இல்லை. காத்திருக்கலாமா?"

காரணம் தெரிந்துவிட்டது. சென்சார்தான் தப்பு என்றார் ஒருவர். விரலில் குத்திப் பார்ப்பது சரியான யோசனைதான், ஆனால் அதிலும் 291. இன்னொருவர் தன் மகன் சாப்பிட்ட பிறகு சாப்பாட்டுக்கான இன்சுலினை, அதாவது போலஸ், போடும் கதையைச் சொன்னார். நான் சாப்பிடவே இல்லை.

பம்ப் பயன்படுத்தும் நர்ஸ் ஒருவர் சொன்னதுதான் பொருந்தியது. சென்சார் எண்ணை 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, அது எங்கே போகும் என்று கணித்து பம்ப் இன்சுலின் அளவை மாற்றுகிறது. மருந்து தோலுக்குள் போனதா என்பது அதற்குத் தெரியாது. அடைப்பு என்றால் அழுத்தம் ஏறி அலாரம் அடிக்கும், கசிவுக்கு அடிக்காது. என் பம்பின் குழாய் தோலில் செருகியிருக்கும் இடத்தில் பிளாஸ்டரைத் தொட்டால் ஈரம், இன்சுலின் வாடை. கசிவுதான்.

இன்சுலின் போதாதபோது ரத்தத்தில் ஏறும் கீட்டோன் 1.2. மருத்துவரிடம் கேட்டு, பேனாவில் ஊசி போட்டு, பம்பின் குழாய் செட்டை முழுதாக மாற்றினேன். அப்புறம் ஒரு சிக்கல்: கசிந்த இன்சுலினை உடலில் இருப்பதாக பம்ப் கணக்கு வைத்திருக்கிறது, பேனாவில் போட்டது அதன் கணக்கிலேயே இல்லை. அதனால் பம்ப் தானாக அளவை மாற்றும் முறையை நிறுத்தி வைத்தேன். எவ்வளவு நேரம்? நர்ஸ் 4 மணி நேரம் என்கிறார், வேறொருவர் கீட்டோன் இறங்கும்வரை என்கிறார்.