எஸ்-கர்வ் கோடு மேலே போய்விட்டது: நிஜமாகவே அதிகச் செலவா?

வணக்கம். தளப் பொறியாளர்கள், பில்லிங் பார்ப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

10 மாத வீடு கட்டும் வேலை, பட்ஜெட் 80 லட்சம். மாதவாரித் திட்டச் செலவை (3, 5, 8, 11, 13, 13, 11, 8, 5, 3 லட்சம்) எக்செலில் `=SUM($B$2:B2)` போட்டுக் கூட்டி வரைந்தேன். எஸ் வடிவம் அழகாக வந்தது. நான்காம் மாத முடிவில் திட்டம் 27 லட்சம், செலவு 31. ஓனர் வரைபடத்தைப் பார்த்ததும் "4 லட்சம் எங்கே போச்சு?" என்கிறார்.

விலை ஏறுமென்று பயந்து அடுத்த மாதக் கூரைக்கான கம்பியை முன்கூட்டியே இறக்கிவிட்டோம். 5 லட்சத்துக்கான கம்பி தார்ப்பாயின் கீழ் அப்படியே கிடக்கிறது. திட்டத்திலோ கம்பிச் செலவு, கட்டும் மாதத்தில்தான் இருக்கிறது. அதைக் கழித்தால் செலவு 26. கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறது.

ஆனால் அதுவும் நிம்மதி இல்லை. முடிந்த வேலையைத் திட்ட விலையில் கணக்கிட்டால் 24 லட்சம்தான் தேறுகிறது. அப்படியென்றால் வேலை 3 லட்சம் பின்தங்கல், செலவு 2 லட்சம் கூடுதல், சரிதானே?

இருப்பைக் கழித்துக் காட்டுவதா, கொள்முதல் மாதத்துக்கே பேஸ்லைனை மாற்றுவதா? நடுவில் பேஸ்லைனைத் தொட எனக்கு மனமில்லை. நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?