புதுப்பிப்பு: விற்காமல் நின்ற சுங்குடிச் சேலை

இணையத்தில் விற்பனைக்குப் போட்ட சேலையைப் பற்றி முன்பு நான் இங்கே கேட்டது: "படங்கள் தெளிவாக உள்ளன, பார்ப்பவர்களும் உண்டு; ஆனால் ஏன் ஒருவரும் வாங்கவில்லை?"

விலையைக் குறைக்கச் சொன்னவர் கூறியது பாதி சரி. ஆனால் விலையை ஒப்பிடவே வாங்குபவருக்கு அளவு தெரிய வேண்டும். விளக்கத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்று ஜவுளிக்கடை நடத்தும் அக்கா சொன்னதே காரணத்தைத் தொட்டது. "மதுரைச் சுங்குடிச் சேலை, கருநீலம்" என்ற தலைப்பே விளக்கத்திலும் இருந்தது. நிறத்தையும் புள்ளிகளையும் படமே காட்டிவிடும். ஆனால் ரவிக்கைத் துணி சேர்ந்ததா, புள்ளிகள் முடிச்சிட்டுச் சாயமேற்றியவையா அல்லது அச்சிட்டவையா, முதல் சலவையில் சாயம் இறங்குமா என்பவற்றுக்கு எங்கும் விடை இல்லாததால், கேட்கத் தயங்குபவர் அடுத்த சேலைக்குப் போய்விடுகிறார்.

விளக்கத்தை இப்படி மாற்றினேன்: "சேலை 5.5 மீட்டர், ரவிக்கைத் துணி கூடுதலாக 80 செ.மீ. கையால் முடிச்சிட்டதால் புள்ளிகள் ஒரே அளவில் இரா. தொடக்கச் சலவைகளில் சாயம் சிறிது இறங்கும்; குளிர்ந்த நீரில் தனியே அலசவும்." சாயத்தைப் பற்றி எழுதினால் வாங்குபவர் அஞ்சுவார் என்றார் ஒருவர், மாறாக, அதைப் படித்த பின்பே ஒருவர் வாங்கினார்.

பழைய மிதிவண்டியை விற்பது பற்றி இங்கே கேட்ட தம்பி, வண்டிச் சட்டகத்தின் உயரத்தையும் டயரின் தேய்மானத்தையும் முதலில் எழுதட்டும். திரைக்குத் திரை நீலம் மாறித் தெரிவதை எப்படி விளக்குவது என்பது மட்டும் இன்னும் தீரவில்லை.