அடுத்த காலாண்டுக்கு எத்தனை ஆர்டர்? அந்த "பிளஸ் ஆர் மைனஸ் பத்து" எங்கிருந்து வருகிறது?

நூல்கண்டு:
போன செப்டம்பர் கடைசியில் நடந்தது. இன்னும் அரித்துக்கொண்டே இருக்கிறது. திருப்பூரில் ஒரு ஆன்லைன் துணிக்கடையில் கணக்கும் சரக்கும் என் பொறுப்பு. விளம்பரம் ஒரு ஏஜென்சி கையில். அக்டோபர் முதல் டிசம்பர் வரை எத்தனை ஆர்டர் வரும் என்று முதலாளி கேட்டார். அவர்கள் ஒரே ஒரு ஸ்லைடோடு வந்தார்கள்.

2024 ஜூலை-செப்டம்பரில் 18,000 ஆர்டர். 2025-இல் அதே மூன்று மாதம் 23,400. ஆக 30 சதவீத வளர்ச்சி. 2024 அக்டோபர்-டிசம்பர் 31,000, அதை 1.3-ஆல் பெருக்கினால் 40,300. கீழே சின்ன எழுத்தில் ±10%. "போன வருஷ சீசனை வைத்துத்தானே போட்டிருக்கிறோம், சீசன் உள்ளேயே இருக்கிறது" என்றார்கள்.

ஏஜென்சிப் பையன் மவுஸை 40,300 மேல் வட்டம் போட்டுக்கொண்டே பேசுகிறான். முதலாளி எதிரிலேயே போனை எடுத்துத் துணி மில்லுக்கு "நாற்பதாயிரத்துக்குக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டார். ±10 எப்படி வந்தது என்று கேட்டேன். "வழக்கமா போடுறதுதான் சார்." கடைசியில் வந்தது 31,500. குடோனில் இன்னும் பெட்டிகள் நிற்கின்றன. இதே மாதிரி யாருக்காவது நடந்ததா?

ஈரோட்டுக்காரர்:
எங்களிடமும் இதே ±10. வேறு ஏஜென்சி, அதே சின்ன எழுத்து.

எண்சுவடி:
வணக்கம். நான் புள்ளியியல் படித்தவன். எண்ணிக்கையாக வரும் எதற்கும் தடுமாற்றம் அதன் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 40,000-க்கு வர்க்கமூலம் 200. இருமடங்கு எடுத்தாலும் ±400, அதாவது ஒரு சதவீதம். ±10 என்பதே தாராளம். எண் பெரிதாகப் பெரிதாகக் கணிப்பு துல்லியமாகும். உங்கள் கடையில் வேறு ஏதோ கோளாறு நடந்திருக்கிறது.

மணற்கேணி:
எண்சுவடி, நீங்கள் சொல்வது பாதி சரி. சராசரி என்னவென்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் மட்டும் அந்த ±400 பொருந்தும். இங்கே தெரியாததே சராசரிதான். வளர்ச்சி 30 சதவீதமா 9 சதவீதமா என்ற குழப்பத்துக்கு வர்க்கமூலத்தில் இடமில்லை.

நூல்கண்டு, தீபாவளி 2024-இல் அக்டோபர் 31. 2025-இல் அக்டோபர் 20. உங்கள் பண்டிகை விற்பனை எத்தனை நாள் முன்னால் சூடு பிடிக்கிறது? நாள்வாரி எண் இருந்தால் போடுங்கள்.

நூல்கண்டு:
சுமார் 35 நாள் முன்னால். எண்கள் கடை சிஸ்டத்திலிருந்து எடுத்தவை, விளம்பரக் கணக்கிலிருந்து அல்ல. ஜூலை 1 முதல் செப்டம்பர் 14 வரை 2024-இல் 14,400, 2025-இல் 15,700. மீதி செப்டம்பர் 3,600, 7,700. 2024-இல் அக்டோபர் 1 முதல் 11 வரை 5,400, 12 முதல் தீபாவளி வரை 14,000, நவம்பர்-டிசம்பர் 11,600.

மணற்கேணி:
இதிலேயே விடை இருக்கிறது.

தீபாவளிக்கு 35 நாள் முன்பு என்றால் 2024-இல் சீசன் செப்டம்பர் 26-இல் தொடங்குகிறது. 2025-இல் செப்டம்பர் 15-இலேயே. ஆக முந்தின வருஷம் ஜூலை-செப்டம்பருக்குள் சீசனின் 5 நாள்தான் இருந்தது. 2025-இல் 16 நாள். ஏஜென்சி பார்த்த 30 சதவீதத்தில் பெரும்பகுதி வளர்ச்சியே இல்லை. அக்டோபரில் வரவேண்டிய ஆர்டர்கள் செப்டம்பருக்கே வந்துவிட்டன. அதை வளர்ச்சி என்று எண்ணி, அவை கழிந்துபோன காலாண்டின் மேலேயே மறுபடி பெருக்கிவிட்டார்கள். ஒரே தவறு இரண்டு முறை.

இரண்டு வருஷத்திலும் சீசன் தொடங்காத நாட்களை மட்டும் ஒப்பிடுங்கள்: 14,400-லிருந்து 15,700. வளர்ச்சி 9 சதவீதம். இதைச் சரிபார்க்கவும் வழியுண்டு. சீசனின் முதல் 16 நாள் 2025-இல் 7,700. 2024-இல் அதே 16 நாள் செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 11 வரை. அந்தச் செப்டம்பர் கடைசி ஐந்து நாளில் எவ்வளவு?

நூல்கண்டு:
1,600.

மணற்கேணி:
அப்படியானால் 1,600-உம் 5,400-உம் சேர்ந்து 7,000. அதிலிருந்து 7,700 என்றால் 10 சதவீதம். இரண்டு வழியிலும் ஏறத்தாழ ஒரே வளர்ச்சி.

இனி செப்டம்பர் 30 அன்று நின்று கணிப்போம். சீசனில் மிச்சம் 20 நாள். போன தடவை அது 14,000, ஒன்பது சதவீதம் கூட்டினால் சுமார் 15,300. தீபாவளி முடிந்தபின் போன தடவை 61 நாளில் 11,600, நாளுக்கு 190. இந்தத் தடவை 72 நாள், நாளுக்கு 207 வீதம் 14,900. மொத்தம் 30,200. கடை 9 சதவீதம் வளர்ந்தும் காலாண்டு எண் முந்தின வருஷத்தைவிடக் குறைவு! இதை மீட்டிங்கில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

கேஎல் கணேசு:
கோலாலம்பூரில் ஒரு உடைக் கடைக்கு விளம்பரம் பார்க்கிறேன். எங்களுக்கு நோன்புப் பெருநாள். 2024-இல் ஏப்ரல் 10, 2025-இல் மார்ச் 31. அதாவது காலாண்டின் கடைசி நாள்! பெருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் வியாபாரம் முழுவதும் ஏப்ரலிலிருந்து மார்ச்சுக்குத் தாவியது. முதல் காலாண்டு ஆகா என்று முடிந்தது, எனக்குப் பாராட்டு மின்னஞ்சல்கூட வந்தது. அடுத்த காலாண்டில் அதே மேலாளர் "ஏன் விழுந்தது" என்று கூப்பிட்டார். காலண்டரைக் காட்டினேன். "சாக்கு சொல்லாதே" என்றார். எங்களுக்கு இது வருஷத்துக்குப் பத்து பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், திரும்பி வராது. உங்கள் தீபாவளியாவது முன்னும் பின்னும் ஆடும்.

வெற்றிப்படி:
நண்பரே, கன்வர்ஷன் குறைந்தால் முதலில் செக்கவுட் பக்கத்தைப் பாருங்கள். எங்கள் மசாலாக் கடையில் முகவரிப் படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. ஐந்தாகக் குறைத்தோம். கேஷ் ஆன் டெலிவரிக்கு ஓடிபி வைத்தோம், பொய் ஆர்டர் நின்றது. படங்களின் அளவைக் குறையுங்கள், மொபைலில் பக்கம் சீக்கிரம் திறக்க வேண்டும். கூடையில் போட்டுவிட்டுப் போனவர்களுக்கு வாட்ஸப்பில் நினைவூட்டல் அனுப்புங்கள், ஆனால் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், பிளாக் செய்துவிடுவார்கள். யுபிஐ பட்டன் மேலே இருக்கட்டும். இதையெல்லாம் செய்தால் நாற்பதாயிரம் தானாக வரும்.

நூல்கண்டு:
நன்றி அண்ணே. ஆனால் ஆர்டர் குறையவில்லை, கணிப்புத்தான் கூடிப்போனது.

திங்கட்கிழமை:
"கடை சிஸ்டத்திலிருந்து" என்று சொன்னீர்களே, அதனால் தப்பித்தீர்கள். கூகுள் விளம்பரக் கணக்கில் 'கன்வர்ஷன்' பத்தி, ஆர்டர் விழுந்த நாளில் எண்ணாது. விளம்பரத்தைச் சொடுக்கிய நாளில் போய் உட்காரும். இன்று சொடுக்கிவிட்டுப் பத்து நாள் யோசித்து வாங்குகிறவர் இன்றைய கணக்கில் பத்து நாள் கழித்துத்தான் தெரிவார். ஆகவே கடைசி ஓரிரு வாரம் எப்போதும் குறைவாகவே தெரியும். முன்பு நான் இருந்த இடத்தில் ஒவ்வொரு திங்களும் மீட்டிங். ஒவ்வொரு திங்களும் "போன வாரம் இறங்கிவிட்டது". ஒரு திங்கள் பட்ஜெட்டையே வெட்டிவிட்டார்கள். நான் முந்தைய திங்களின் பிரிண்ட்டை எடுத்து, அதே வாரத்துக்கான இன்றைய எண்ணைப் பக்கத்தில் வைத்தேன். இறங்கியதாகச் சொன்ன வாரம் ஏறியிருந்தது. அறையில் ஒருவரும் பேசவில்லை, ஆனால் பட்ஜெட் திரும்பவில்லை.

எண்சுவடி:
சரி, தீபாவளி நகர்வை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கையால் இப்படி நாள் எண்ணுவது எதற்கு? பைத்தானில் பிராஃபெட் என்ற கணிப்பு லைப்ரரியில் பண்டிகையைக் கொடுத்தால் ரேஞ்சோடு வந்துவிடும்.

```python
pd.DataFrame({
  'holiday': 'deepavali',
  'ds': pd.to_datetime(['2023-11-12',
        '2024-10-31', '2025-10-20']),
  'lower_window': -35, 'upper_window': 0})
```

மணற்கேணி:
வரும். ஆனால் அது 36 நாளுக்கும் தனித்தனியாக ஒரு விளைவைக் கற்றுக்கொள்ளப் பார்க்கும். உங்கள் பட்டியலில் 2025 கணிக்கவேண்டியது, கற்க இருப்பது இரண்டே தீபாவளி. ஒரு நாள் வெப்சைட் முடங்கியிருந்தால், "தீபாவளிக்கு 12 நாள் முன்பு மக்கள் வாங்கமாட்டார்கள்" என்று பாடம் படித்துவிடும். சீசனை மூன்று நான்கு துண்டாகப் பிரித்துக் கொடுத்தால் தேவலை. இன்னொன்று, அந்த ரேஞ்ச் நாள்வாரி. ஒவ்வொரு நாளின் கீழ்முனையையும் கூட்டிக் காலாண்டின் கீழ்முனை என்று போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லா நாளும் ஒரே சமயம் மோசமாகப் போனால்தான் அது நடக்கும்.

எனக்குப் பிடித்த வழி முரட்டுத்தனமானது. பழைய ஒவ்வொரு காலாண்டின் வாசலிலும் போய் நின்று, அன்று தெரிந்ததை மட்டும் வைத்து இதே முறையில் கணித்து, உண்மையில் வந்ததைக் கணிப்பால் வகுக்க வேண்டும். நூல்கண்டு, தரவு எதுவரை இருக்கிறது?

நூல்கண்டு:
2022 ஜூலை முதல். நேற்றிரவு உட்கார்ந்து போட்டேன். 2023 அக்டோபர்-டிசம்பர் தொடங்கி 2025 ஜூலை-செப்டம்பர் வரை எட்டுக் காலாண்டு. மிகக் குறைந்த விகிதம் 0.91, அதிகம் 1.12.

மணற்கேணி:
அருமை. 30,200-ஐ இந்த இரண்டாலும் பெருக்குங்கள்: 27,500 முதல் 33,800 வரை. இதற்கு என்ன நம்பகம்? புதிய காலாண்டும் இந்த எட்டின் இனம்தான் என்றால், ஒன்பது எண்களில் அது எல்லாவற்றுக்கும் மேலேயோ கீழேயோ போக வாய்ப்பு ஒன்பதில் இரண்டு. அதாவது சுமார் 78 சதவீத ரேஞ்ச். எட்டு எண்ணை வைத்துக்கொண்டு இந்த வழியில் 95 சதவீதம் என்று எவரும் சொல்ல முடியாது. வந்த 31,500 இதற்குள் இருக்கிறது. ஏஜென்சி ரேஞ்சின் அடிமுனையே 36,270.

ஈரோட்டுக்காரர்:
ஒரு நிமிஷம். அந்த எட்டில் தீபாவளிக் காலாண்டு இரண்டுதான். ஜனவரி-மார்ச் பிழையை வைத்துத் தீபாவளிக்கு ரேஞ்ச் போடுகிறீர்கள். இனம் ஒன்று என்று யார் சொன்னது?

அதோடு ஜிஎஸ்டியை யாருமே பேசவில்லை. ஆகஸ்ட் 15 அன்று குறைப்பு வரும் என்று அறிவிப்பு, அமலானது 2025 செப்டம்பர் 22. 1,000 ரூபாய்க்கு மேல் 2,500 வரையுள்ள ஆயத்த ஆடைக்கு 12-லிருந்து 5 சதவீதம். எங்கள் கடையில் செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு அம்மா போன் செய்து "கூடையில் வெச்சிருக்கேன் தம்பி, 22-ஆம் தேதி வாங்கிக்கிறேன்" என்றே சொன்னார். அப்படியானால் உங்கள் 15,700 அமுங்கிய எண், அந்த 7,700 உப்பிய எண். 9-உம் 10-உம் ஒத்துப்போனது தற்செயலாகவும் இருக்கலாம்.

மணற்கேணி:
முதல் கேள்விக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. பண்டிகைக் காலாண்டுக்கு ரேஞ்சைக் கொஞ்சம் அகட்டுவேன். எவ்வளவு என்பது கைக்கணக்குத்தான், நியாயப்படுத்த மாட்டேன். இரண்டாவதைச் சோதிக்கலாம்: ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 14 வரை மட்டும் வளர்ச்சி எவ்வளவு, ஆயிரத்துக்குக் கீழுள்ள துணியில் தனியாக எவ்வளவு.

நூல்கண்டு:
ஆகஸ்ட் 14 வரை 10 சதவீதம். விலைவாரியாக இன்னும் பிரிக்கவில்லை. எங்களிடம் பெரும்பாலும் ஆயிரத்துக்குக் கீழ்தான்.

முதலாளியிடம் ரேஞ்சைக் காட்டினேன். "இதில் எந்த எண்ணுக்குத் துணி சொல்ல?" என்றார்.

கேஎல் கணேசு:
எது அதிகம் வலிக்கும் என்று அவரிடமே கேளுங்கள். மிஞ்சின துணியை ஜனவரியில் பாதி விலைக்குத் தள்ளுவதா, தீபாவளிக்கு நாலு நாள் முன்பு "ஸ்டாக் இல்லை" போடுவதா. எங்கள் ஆள் கீழ்முனைக்கு உறுதியாகச் சொல்லிவிட்டு, மேலே உள்ளதற்குத் துணியை மட்டும் பிடித்துவைத்து, தைக்கச் சொல்லுவதைக் கடைசி மூன்று வாரம் வரை தள்ளுவார்.

நூல்கண்டு:
அது எங்களுக்கும் ஒத்துவரும், தையல் யூனிட் பக்கத்திலேயே இருக்கிறது.

இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. 2026 தீபாவளி நவம்பர் 8. 35 நாள் பின்னால் போனால் அக்டோபர் 4. அதாவது இந்த ஜூலை-செப்டம்பருக்குள் சீசனில் ஒரு நாள்கூட விழாது. மறுபடி 9 சதவீதம் வளர்ந்தாலும் நாளுக்கு 225 வீதம் 92 நாளுக்கு 20,700 தான். போன வருஷம் 23,400. ஏஜென்சி "11.5 சதவீத வீழ்ச்சி" என்று சிவப்பில் ஒரு ஸ்லைடு கொண்டுவரப் போகிறது. முதலாளியிடம் ஜூன் மாதமே சொல்லிவைக்கப் போகிறேன், எழுத்தில்.

ஈரோட்டுக்காரர்:
எழுத்தில் கொடுக்கும்போது ரேஞ்சையும் சேர்த்துக் கொடுங்கள். வெறும் 20,700 என்று கொடுத்தால் உங்களைத்தான் பிடிப்பார்.